கன்சோலுக்கு எஸ்எஸ்டி: எந்த நேரம் குறையும், எந்த நேரம் குறையாது

லோடிங் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே கன்சோல் என்ன செய்துகொண்டிருக்கிறது? எஸ்எஸ்டி வாங்கலாமா, எவ்வளவு வேகமானதை வாங்கலாம், வெளியே செருகுவதா உள்ளே பொருத்துவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

லோடிங் என்பது இரண்டு வேலைகள் சேர்ந்தது. சேமிப்பகத்தில் கிடக்கும் கோப்புகளை எடுத்து நினைவகத்துக்குக் கொண்டுவருவது முதல் வேலை. கொண்டுவந்ததை விளையாட்டுக்குப் பயன்படும்படி ஆக்குவது இரண்டாவது. இடம் மிச்சம் பிடிக்க அந்தக் கோப்புகளைச் சுருக்கி வைத்திருப்பார்கள். அவற்றை விரிக்க வேண்டும், தெருவும் மரமும் மனிதர்களும் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு நிறுத்த வேண்டும். கடைக்குப் போய்க் காய் வாங்கி வருவது ஒரு வேலை, அதை நறுக்கிச் சமைப்பது இன்னொரு வேலை. எஸ்எஸ்டி கடைக்குப் போய்வரும் நேரத்தை மட்டும் குறைக்கிறது. சமைப்பவர் கன்சோலின் சிபியு. அவருடைய கை வேகம் அப்படியேதான் இருக்கும்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறோம். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி, புதிய எஸ்எஸ்டி 500 எம்பி. அப்படியானால் லோடிங் நேரமும் ஐந்தில் ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விளையாட்டு திறக்க 60 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 35 நொடி எடுத்துவர, 25 நொடி பக்குவப்படுத்த. எஸ்எஸ்டி போட்டதும் 35 நொடி 5 ஆகிறது. மொத்தம் 30 நொடி, அதாவது பாதி. நல்ல லாபம்தான். இப்போது அதைவிடப் பத்து மடங்கு வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். 5 நொடி அரை நொடியாகும். மொத்தம் 25.5 நொடி. பத்து மடங்கு வேகத்துக்குப் பணம் கொடுத்து நாம் பெற்றது நாலரை நொடி.

அப்படியானால் முதல் மாற்றத்தில் மட்டும் ஏன் அவ்வளவு லாபம்? ஹார்ட் டிஸ்க்கின் உடல்வாகு அப்படி. 2013இல் வந்த பிஎஸ்4இல் இருந்தது நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் 500 ஜிபி டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல், படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் சரியான இடத்துக்கு நகர்வதற்குத் தனியாக ஒரு பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. ஆக, டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்டால் நொடிக்கு ஏறக்குறைய 60 முறைதான் எடுத்துத் தர முடியும். ஒவ்வொரு முறையும் 64 கேபி என்றால் நொடிக்கு 4 எம்பிகூட வராது. பெட்டியில் போட்ட 100 எம்பி, ஒரே நீளமான கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது கிடைப்பது. எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றுமில்லை. எங்கே கிடந்தாலும் உடனே எடுத்துவிடும். நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இந்த அலைச்சல் ஒழிவதால் வருகிறது. சாதாரண எஸ்எஸ்டியே அதை ஒழித்துவிடும்.

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கும் இந்த அலைச்சல் தெரியும். அதனால் ஒரே பொருளைப் பல இடங்களில் பிரதி எடுத்து வைத்தார்கள், பக்கத்திலேயே கிடைக்கட்டும் என்று. பிஎஸ்5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில், பிஎஸ்4இன் ஸ்பைடர்மேன் விளையாட்டில் சில தகவல்கள் டிஸ்க்கில் 400 முறை பிரதி எடுக்கப்பட்டிருந்ததாகச் சொன்னார். நகரத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அதே தபால்பெட்டி வேண்டும் அல்லவா.

பக்குவப்படுத்தும் வேலை எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதற்கு ஜிடிஏ ஆன்லைன் நல்ல சாட்சி. கணினியில் அது திறக்க ஆறு நிமிடம் போலக் காத்திருந்த ஒரு நிரலாளர், 2021இல் உள்ளே நடப்பதை ஆராய்ந்தார். குற்றவாளி டிஸ்க் அல்ல. விற்பனைப் பொருள்கள் ஏறக்குறைய 63,000 அடங்கிய 10 எம்பி பட்டியல் ஒன்றை விளையாட்டு படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளைப் படிக்கும்போதும் மீதிப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று மறுபடியும் முதலிலிருந்து அளந்தது. அந்தப் பட்டியலைக் கையாளும் பகுதியைத் திருத்தியதும் நேரம் இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்தது. ராக்ஸ்டார் நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டு அதே மாதிரி திருத்தத்தை வெளியிட்டது. 10 எம்பி எந்த டிஸ்க்குக்கும் பெரிய சுமை அல்ல. உலகிலேயே வேகமான எஸ்எஸ்டியை வைத்திருந்தாலும் அந்த நான்கு நிமிடம் குறைந்திருக்காது.

இந்தப் பார்வையோடு நம் கன்சோலுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது பிஎஸ்4 என்றால் இரண்டு வழி. உள்ளே இருக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே அளவு சாட்டா எஸ்எஸ்டியைப் போடலாம். அப்போது சேமித்த ஆட்டங்களை முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, பென்டிரைவில் PS4 என்ற ஃபோல்டருக்குள் UPDATE என்ற ஃபோல்டரில் PS4UPDATE.PUP என்ற கோப்பை வைத்து, கன்சோலின் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும். இரண்டாவது வழி சுலபமானது. எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3 வழியாக வெளியே செருகி, Settings > Devices > USB Storage Devices போய் Format as Extended Storage கொடுத்தால் போதும். அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். 250 ஜிபிக்குக் குறைந்தது செல்லாது. யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராகக் கன்சோலில் செருக வேண்டும்.

உள்ளே போட்டால்தான் வேகம் என்று எண்ண வேண்டாம். முதல் பிஎஸ்4இன் உள்பாதை நொடிக்கு ஏறக்குறைய 300 எம்பிக்கு மேல் விடாது. யுஎஸ்பி 3 பாதை அதைவிட அகலமானது. இரண்டிலும் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் காத்திருப்பது சிபியுவுக்காக. 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எளிய சிபியு அது. வெளியே செருகுவதில் ஒரு கவனம் வேண்டும்: இயங்கிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை கன்சோல் டிஸ்க்கைச் சரிபார்க்க உட்காரும், சில சமயம் விளையாட்டை மறுபடி நிறுவ நேரும்.

பிஎஸ்5 கதை வேறு. 2020 நவம்பரில் வந்தபோதே அதில் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி உள்ளேயே இருந்தது. சுருக்கிய கோப்புகளை விரிக்கும் வேலையை சிபியுவிடம் விடாமல், அதற்கென்றே தனிச் சில்லு வைத்தார்கள். இரண்டு வேலையையும் சேர்த்து வேகப்படுத்தியதால்தான் லோடிங் திரையே மறைந்துபோன விளையாட்டுகள் வந்தன. ஆக, இங்கே எஸ்எஸ்டி வாங்குவது வேகத்துக்கு அல்ல, இடத்துக்கு. முதலில் வந்த பிஎஸ்5இன் 825 ஜிபியில் நமக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். பெரிய விளையாட்டுகள் ஏழெட்டு போட்டாலே நிறைந்துவிடும்.

இங்கேதான் பணம் வீணாகும் வாய்ப்பு. யுஎஸ்பியில் செருகிய எஸ்எஸ்டியில் பிஎஸ்5 விளையாட்டுகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து ஆட முடியாது. ஆடும் முன் உள்ளே மாற்ற வேண்டும். பிஎஸ்4 விளையாட்டுகள் மட்டும் யுஎஸ்பியிலிருந்தே ஓடும். அவற்றுக்கு அந்த எஸ்எஸ்டியே போதும், சிபியு வேகமானது என்பதால் பழைய கன்சோலில் இருந்ததைவிடச் சீக்கிரம் திறக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இதே ஏற்பாடுதான்: அவற்றுக்கென்றே உருவான விளையாட்டுகள் உள்சேமிப்பிலிருந்தோ பின்பக்கம் செருகும் விரிவாக்க அட்டையிலிருந்தோ மட்டுமே ஓடும்.

பிஎஸ்5 விளையாட்டுகளுக்கு இடம் வேண்டும் என்றால் எம்.2 எஸ்எஸ்டி வாங்க வேண்டும். பிசிஐஇ நான்காம் தலைமுறை, நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல் என்பது சோனியின் பரிந்துரை. ஹீட்சிங்க் எனப்படும் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு கட்டாயம். தகட்டோடு சேர்ந்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்ளே போகாது. கன்சோலை முழுதாக அணைத்து, வயரைக் கழற்றி, வெளி மூடியை நீக்கி, ஒற்றைத் திருகுள்ள சின்ன மூடியைத் திறந்தால் பள்ளம் தெரியும். அட்டையைச் சற்றுச் சாய்த்துச் செருகி, படுக்க வைத்துத் திருக வேண்டும். மறுபடி இயக்கியதும் கன்சோலே ஃபார்மேட் செய்யக் கேட்கும், முடிந்ததும் படிக்கும் வேகத்தைக் காட்டும். ஃபார்மேட் கேட்கவே இல்லை என்றால் அட்டை சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள்.

அந்தத் திரையில் 6,500 வந்தாலும் 7,000 வந்தாலும் லோடிங்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டுகள் எழுதப்பட்டிருப்பது உள்ளிருக்கும் 5.5 ஜிபி வேகத்தை நம்பி. அதற்கு மேல் உள்ளதைக் கேட்க ஆள் இல்லை.

சில காத்திருப்புகளில் எந்த எஸ்எஸ்டிக்கும் பங்கில்லை. ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி கிடைக்கும் வரை காத்திருப்பது, கிடைத்த பிறகும் மெதுவான கன்சோல் வைத்திருப்பவர் வந்து சேரும் வரை காத்திருப்பது, தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். படம் விட்டுவிட்டு ஓடினாலும் எஸ்எஸ்டி பெரும்பாலும் அதைச் சீராக்காது. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் சில்லின், சிபியுவின் பாடு.

உங்கள் வீட்டில் பலன் எவ்வளவு என்று அறிய, கன்சோலை அணைத்துப் போட்டு, அடிக்கடி ஆடும் ஒரு விளையாட்டில் ஒரே சேமிப்பைத் திறக்க எத்தனை நொடி என்று கைபேசியில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகு அதையே மறுபடி எண்ணுங்கள். பிஎஸ்4 வைத்திருப்பவர் மலிவான சாட்டா எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் செருகினால் போதும். பிஎஸ்5 வைத்திருப்பவர் ஹீட்சிங்க்கோடு 5,500 எம்பிக்குக் குறையாத எம்.2 அட்டையை, இடம் தீர்ந்த பிறகு வாங்கினால் போதும். அதற்கு மேல் வேகத்துக்கென்று கொடுக்கும் பணத்தில் இன்னொரு விளையாட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.