பாகில் உடையாத ரசகுல்லா

ரசகுல்லா உடைந்தால் பலரும் பாகைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே, சேனாவைப் பிசையும்போதே நடந்துவிடுகிறது. கொல்கத்தாவின் பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் 1868-இல் இந்தப் பஞ்சு உருண்டையைப் பக்குவப்படுத்தினார் என்று வங்காளத்தில் சொல்வார்கள். ஒடிசாவுக்கும் இதில் உரிமைக் குரல் உண்டு. இரு மாநிலத்து ரசகுல்லாவுக்கும் அடிப்படை சேனாதான்.

ஒரு லிட்டர் பசும்பாலை எடுத்துக்கொள்வோம். எருமைப்பாலில் சேனா இறுகிப்போகும், வேண்டாம். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பால் திரிந்து, பச்சை சாயலோடு தெளிநீர் பிரிந்ததும் சாறு விடுவதை நிறுத்திவிட வேண்டும். புளிப்பு அதிகமானால் சேனா முரடாகிவிடும். உடனே துணியில் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். புளிப்பும் போகும், சூட்டில் மேலும் இறுகுவதும் நிற்கும்.

துணியை முடிந்து அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். பிறகு கொஞ்சம் எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். நீர் சொட்டக்கூடாது, ஆனால் ஈரம் இருக்க வேண்டும். சொட்டினால் உருண்டை பாகில் கரையும். உதிர்ந்தால் விரிசல் விடும்.

இனி பிசைதல். தட்டில் பரப்பி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி முன்னே தள்ளித் தேயுங்கள், திரட்டுங்கள், மறுபடி தேயுங்கள். முதலில் மணல்மணலாக நெருடும். எட்டுப் பத்து நிமிடத்தில் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து வெண்ணெய்போல வழுவழுப்பாகும். கையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியத் தொடங்குகிற அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பிசைந்தால் கொழுப்பு பிரிந்து வந்துவிடும், உருண்டை கனத்துத் தட்டையாகும். பிசைந்தது போதாவிட்டால் பிணைப்பில்லாத துகள்கள் கொதியில் பிளந்துபோகும்.

விரிசலின்றிச் சிறு உருண்டைகளாக உருட்டுங்கள். வெந்தால் இருமடங்காகப் பருக்கும். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், அகலமான பாத்திரம், நன்றாகக் கொதிக்கும் பாகு. உருண்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி சேனாவை உப்பவைக்கிறது, அந்தத் துளைகளில் பாகு புகுகிறது. பாகு கெட்டியாக இருந்தால் உள்ளிருக்கும் நீரை அது இழுத்துக்கொள்ளும், உருண்டை சுருங்கும். அதனால் கொதியில் பாகு இறுகும்போதெல்லாம் வெந்நீர் ஊற்றுங்கள்.

முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். அது பிளந்தால் மிச்ச சேனாவை இன்னும் இரண்டு நிமிடம் பிசையலாம். சிலர் இந்த இடத்தில் ஒரு சிட்டிகை மைதா சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பிடித்து வைக்கும்தான், ஆனால் பஞ்சுத்தன்மை குறைந்துவிடும்.

மற்றவற்றை மூடிபோட்டு, கொதி குறையாமல் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். ஓர் உருண்டையை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் அடியில் அமிழ வேண்டும். விரலால் அழுத்தினால் பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். மிதந்தால் மூடியை மறுபடி போடுங்கள், இன்னும் சில நிமிடம் பாக்கி இருக்கிறது.