பதினாறு கிராம் மீத்தேனின் வரவு செலவு

சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிவது மீத்தேன். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வேதியியல் படித்தவர்கள்கூட ‘மீத்தேனின் பிணைப்புகள் உடைகின்றன, உள்ளே இருந்த ஆற்றல் வெளியே வருகிறது’ என்று சொல்லிவிடுவதுண்டு. நடப்பது இதற்கு நேர்மாறானது. அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பு எதுவானாலும் அதைப் பிரிக்க ஆற்றலைச் செலவழித்தே ஆக வேண்டும். ஆற்றல் வெளிவருவது புதிய பிணைப்பு உருவாகும்போதுதான். அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்: முதல் செலவை யாராவது செய்தாக வேண்டும்.

ஆகவே ஒரு வினை சூட்டைத் தருமா, வாங்கிக்கொள்ளுமா என்பது கூட்டல் கழித்தல் கணக்கு. உடையும் பிணைப்புகளுக்கான செலவை ஒரு பக்கம் எழுத வேண்டும். உருவாகும் பிணைப்புகள் தரும் வரவை மறுபக்கம் எழுத வேண்டும். வரவு மிஞ்சினால் அது வெப்ப உமிழ்வினை. செலவு மிஞ்சினால் வெப்பக் கொள்வினை.

மீத்தேன் எரியும் சமன்பாடு இது: CH4 + 2O2 → CO2 + 2H2O. ஒரு மோல், அதாவது 16 கிராம் மீத்தேனை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் நான்கு. ஒவ்வொன்றையும் உடைக்கச் சராசரியாக 413 கிலோஜூல் வேண்டும், நான்குக்கும் 1652. ஆக்சிஜன் மூலக்கூறுகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 498 என்று 996. மொத்தச் செலவு 2648 கிலோஜூல்.

இனி வரவு. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 799, ஆக 1598. இரண்டு நீர் மூலக்கூறுகளில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் நான்கு, ஒவ்வொன்றும் 463, ஆக 1852. மொத்தம் 3450. மிச்சம் 802 கிலோஜூல். சிந்தாமல் சிதறாமல் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் இரண்டரை லிட்டருக்கும் மேல் கொதிநிலைக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஆள் ஆக்சிஜன். அதுவும் இரட்டைப் பிணைப்புதான். ஆனால் 498 கொடுத்தால் உடைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடில் உள்ள இரட்டைப் பிணைப்புக்கோ 799 வேண்டும். எரிபொருளுக்குப் போகும் புகழில் பெரும்பங்கு, உண்மையில், காற்றில் இருக்கும் இந்த இளகிய பிணைப்புக்குச் சேர வேண்டியது.

அதே ஆக்சிஜனோடு நைட்ரஜன் சேரும்போது கதை மாறுகிறது. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல், ஆக்சிஜனுக்கு 498, ஆக 1443. உருவாகும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் தருவது 1262 மட்டுமே. 181 கிலோஜூல் துண்டு விழுகிறது. மின்னல் பாயும் இடத்திலும் வாகன எஞ்சினின் கடும் வெப்பத்திலும் இந்த வினை நடக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்று தானாகப் பற்றிக்கொள்வதில்லை.

413 என்பது சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. மீத்தேனிலிருந்து முதல் ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 439 கிலோஜூல் ஆகும். கடைசி ஹைட்ரஜனுக்கு 338 போதும். மூலக்கூறுக்கு மூலக்கூறும் வித்தியாசம் உண்டு. பல சேர்மங்களில் கண்ட மதிப்புகளைக் கலந்து ஒரே எண்ணாக அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதற்கு மதிப்பீடு என்று பெயர்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடமும் அந்த அட்டவணைதான். கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்குப் பொதுவாக 745 என்று இருக்கும். அது அசிட்டோன் போன்றவற்றுக்குப் பொருந்தும். கார்பன் டை ஆக்சைடுக்கு ஆகாது. 745ஐப் போட்டால் விடை 694 ஆகிவிடும், நூற்றுக்கும் மேல் குறைவு. இன்னொரு சறுக்கல், இந்த எண்கள் எல்லாம் வாயு நிலைக்கு உரியவை என்பதை மறப்பது. மீத்தேனுக்குப் புத்தகத்தில் 890 என்று பார்த்துக் கணக்கு தப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது மோலுக்கு 44 வீதம் வெளிவரும் 88 கிலோஜூலும் அந்த 890இல் சேர்ந்திருக்கிறது.

வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் வினைகளில் இந்த முறை கையை விரித்துவிடும். அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்து எஸ்டராகும் வினையில், உடையும் பிணைப்புகளின் வகையும் எண்ணிக்கையும் உருவாகும் பிணைப்புகளிலும் அப்படியே இருக்கின்றன. காகிதத்தில் விடை பூஜ்யம். அங்கே சூடு வருமா, போகுமா என்பதைக் கலோரிமானியில் அளந்துதான் சொல்ல முடியும்.