சிப்பம், டின், ‘ப.ப.’: ஸ்டாக் நோட்டு கணினிக்குப் போகும்போது

மொத்தமும் சில்லறையும் சேர்த்து விற்கும் ஒரு நடுத்தர மளிகைக் கடையின் ஸ்டாக் நோட்டைக் கணினியில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று பேர் எழுதியிருப்பார்கள்: முதலாளி, கணக்குப்பிள்ளை, குடோன் பையன். ஒருவர் ‘நல்லெண்ணெய் 2 டின்’ என்று எழுதுவார், அடுத்தவர் ‘ந.எ. 10 லி’ என்பார், மூன்றாமவர் ‘எண்ணெய் 5’ என்று நிறுத்திவிடுவார். அதற்குக் கீழ் வரிகளில் மேற்படிப் புள்ளிகள் மட்டும் இருக்கும்.

இந்த நோட்டைத் தட்டச்சு செய்ய உட்காருபவர் முதலில் செய்யும் தப்பு, தட்டும்போதே திருத்துவதுதான். ‘ந.எ.’ கண்ணில் பட்டவுடன் ‘நல்லெண்ணெய்’ என்று அடித்துவிடுவார், ‘2 டின்’ என்பதை 30 கிலோ ஆக்கிவிடுவார். பிறகு கணக்கு உதைக்கும்போது நோட்டில் உண்மையில் என்ன இருந்தது, அவராக முடிவு செய்தது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் நோட்டில் உள்ளது எழுத்து பிசகாமல் உள்ளபடி ஏறட்டும். பக்க எண், தேதி, எழுதியவர், எழுதியபடி பெயர், எழுதியபடி அளவு, எழுதியபடி அலகு, வரவா செலவா என்று ஏழு பத்திகள் போதும். மேற்படிப் புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் மேல்வரியின் பெயரை முழுதாக எழுத வேண்டும். ஏனென்றால் பிறகு வரிசை மாற்றினால் மேல்வரி எங்கோ போய்விடும். இரண்டாம் சுற்றில், அதே தாளில் வலப்பக்கம் புதுப் பத்திகள் சேர்த்து, ஒழுங்கான பெயரும் ஒழுங்கான அளவும் வர வேண்டும். இடப்பக்கத்தை அதன்பின் யாரும் தொடக்கூடாது.

தட்டுவதற்கு முன்பே எழுதியபடி அளவுப் பத்தியை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் எக்செல் ‘1/2’ மூட்டையை ஒரு தேதியாக மாற்றிவிடும். கிலோ, கிராம் எழுதும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. ‘2.50’ என்பது ஒருவர் கையில் இரண்டரை கிலோ, இன்னொருவர் கையில் இரண்டு கிலோ ஐம்பது கிராம். இதற்காகத்தான் எழுதியவர் பத்தி. அந்த ஆளின் மற்ற வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் அவர் பழக்கம் தெரிந்துவிடும்.

பெயர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் தனித்தாளில் வேண்டும்: இடப்பக்கம் நோட்டில் வந்த ஒவ்வொரு வடிவமும், வலப்பக்கம் நாம் வைத்துக்கொள்ளும் ஒரே பெயரும். ‘து.ப.’, ‘துவரை’, ‘துவரம்பருப்பு’ எல்லாம் ‘துவரம் பருப்பு’ என்று ஒன்றாகும். இதில் சிக்கல் இல்லை. ‘ப.ப.’ வந்தால்தான் கை நிற்க வேண்டும்.

“அண்ணாச்சி, இது பாசிப் பருப்பா, பட்டாணிப் பருப்பா?”

“யாரு எழுதினது? பையன்னா பட்டாணி. நான் பாசியை ‘பாசி’ன்னுதான் எழுதுவேன்.”

அப்படியானால் ‘ப.ப.’ என்ற ஒரே வடிவத்துக்குப் பட்டியலில் இரண்டு வரி வேண்டும், எழுதியவரைப் பொறுத்து. ‘சர்க்கரை’யும் இப்படித்தான். தென்மாவட்டக் கடைகளில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்று எழுதியிருந்தால் அது நாட்டுச் சர்க்கரையாக இருக்கலாம். சென்னைப் பக்கம் பழகிய ஒருவர் தட்டச்சு செய்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். விலை எழுதப்பட்டிருந்தால் அதைப் பார்க்கலாம். இல்லையென்றால் அதே தேதிக் கொள்முதல் பில்லைப் புரட்ட வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் ஒழுங்கான பெயர்ப் பத்தியில் ‘?’ போட்டுவிட்டு நகர்வதே நேர்மை.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. ‘கொத்தமல்லி’யின் ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில மென்பொருள்கள் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் பதிவு செய்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை இரண்டு பொருள். ஒரே பெயர் தொகுப்பில் இரண்டு வரியாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஒழுங்கான பெயரைத் தட்டச்சு செய்யாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அலகுதான் பணம் கரையும் இடம். எண்ணெயைப் பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். டின்னில் இரண்டு வகை உண்டு, 15 கிலோ டின், 15 லிட்டர் டின். லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோதான். நோட்டில் இரண்டும் வெறும் ‘டின்’.

நம் கடையில் மாதத் தொடக்கத்தில் 8 டின் நல்லெண்ணெய் இருந்தது, புதிதாக எதுவும் வரவில்லை என்று கொள்வோம். மாதத்தில் 2 டின் முழுதாகவும், சில்லறையில் 40 லிட்டரும், 8 கிலோவும் போயின. லிட்டரையும் கிலோவையும் ஒன்றென்று கூட்டினால், 120 கிலோவில் 30, 40, 8 கழிந்து 42 கிலோ மிச்சம். லிட்டரை 0.91 ஆல் பெருக்கினால் 40 லிட்டர் 36.4 கிலோ ஆகும், மிச்சம் 45.6 கிலோ. அந்தக் கடையின் டின் 15 லிட்டர் வகை என்றால் மிச்சம் 37.5 கிலோதான். ஒரே நோட்டு, மூன்று இருப்பு. மீதமுள்ள எண்ணெயைத் தராசில் வைத்து, டின்னின் எடையைக் கழித்தால் எது சரியென்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் 42 என்று எழுதிக்கொண்டால் 3.6 கிலோ கணக்கில் இல்லாத எண்ணெயாகிவிடும். 37.5 என்றிருக்க வேண்டிய கடையில் 42 என்று எழுதினால், இல்லாத 4.5 கிலோவுக்காகக் கடைப்பையன்மேல் சந்தேகம் விழும்.

அரிசிச் சிப்பம் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அதன் அளவு தேதியோடு மாறியிருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி பிராண்டு இல்லாததாக இருந்தாலும் 5 சதவீத ஜி.எஸ்.டி.க்குள் வந்தது. அந்த எல்லைக்கு வெளியே நிற்க ஆலைகள் பல 26 கிலோ மூட்டைக்கு மாறின. நோட்டில் முன்னும் பின்னும் ‘சிப்பம்’ என்ற ஒரே சொல்தான். 40 சிப்பம் என்பது முன்பு 1,000 கிலோ, பிறகு 1,040 கிலோவாக இருக்கலாம். எல்லா ஆலையும் ஒரே நாளில் மாறவும் இல்லை. ஆகவே தேதியை மட்டும் நம்பாமல் அந்தந்தக் கொள்முதல் பில்லைப் பார்த்து, அலகைச் ‘சிப்பம்-25’, ‘சிப்பம்-26’ என்று பிரித்துப் பெயரிட வேண்டும்.

இந்த முடிவுகளையெல்லாம் ‘அளவு’ என்ற தனித்தாளில் வைக்கலாம். முதல் பத்தியில் பொருளும் அலகும் சேர்ந்து ‘நல்லெண்ணெய்|லிட்டர்’ என்று இருக்கும், இரண்டாவதில் அதற்கான கிலோ, அதாவது 0.91. முதன்மைத் தாளில் ஒழுங்கான பெயர் H பத்தியிலும், ஒழுங்கான அலகு I பத்தியிலும் இருந்தால், பெருக்கும் எண்ணை இது எடுத்துத் தரும்:

```
=XLOOKUP(H2&"|"&I2,'அளவு'!A:A,'அளவு'!B:B,"?")
```

பட்டியலில் இல்லாத ஜோடி வந்தால் ‘?’ விழும். அந்த வரிகள்தான் இன்னும் ஆளைக் கேட்க வேண்டியவை. எண்ணெயைக் கிலோவில் வைத்ததுபோல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அடிப்படை அலகு போதும். சோப்பு, தீப்பெட்டிக்கு எண்ணிக்கை.

எல்லாம் மாறியபின், பொருள்வாரியாகத் தேதி வரிசையில் வரவைக் கூட்டி, செலவைக் கழித்து ஓடும் இருப்பைப் போட்டுப் பாருங்கள். எங்காவது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால், இல்லாத சரக்கை விற்றதாகக் கணக்கு சொல்கிறது என்று பொருள். ஒன்று வரவு விட்டுப்போயிருக்கும், அல்லது அலகு தப்பு, அல்லது இரண்டு பொருள் பெயர் மாறியிருக்கும். பாசிப் பருப்பு 12 கிலோ குறைவாகவும், பட்டாணிப் பருப்பு அதே அளவு அதிகமாகவும் நின்றால் பெயர்ப் பட்டியலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இருப்பு கீழே இறங்கவில்லை என்பதாலேயே கணக்கு சரியென்று ஆகாது. சிந்தியது, பூச்சி விழுந்து ஒதுக்கியது, வீட்டுக்கு எடுத்தது இவற்றை நோட்டில் எழுதியிருக்க மாட்டார்கள், எந்தச் சூத்திரமும் அவற்றை மீட்டுத் தராது. எனவே ஒரு ஞாயிறு கடை மூடிய பிறகு குடோனில் எண்ணி, நிறுத்து, கணக்கோடு உள்ள வித்தியாசத்தை அந்தத் தேதியில் ‘எண்ணிக்கைத் திருத்தம்’ என்று தனி வரியாகச் சேர்க்க வேண்டும். பழைய வரிகளில் ஒன்றை இழுத்துப் பிடித்து இருப்பைச் சரிக்கட்டினால், எந்தப் பொருளில் எவ்வளவு கசிகிறது என்று அண்ணாச்சிக்குக் கடைசிவரை தெரியாது.