சுவரில் கால் பங்கு, வெப்பத்தில் பாதி

கனடாவின் டொரன்டோ பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், வெளிச்சுவரின் உட்பக்கத்தை உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மங்கலான செங்குத்துக் கோடுகள் தெரியும். சுமார் 40 செ.மீ.க்கு ஒன்று வீதம், அடிமட்டம் வைத்து வரைந்தாற்போல இருக்கும். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி அதிகம் ஏற்றும் வீடுகளில் இவை இன்னும் பளிச்சென்று தெரியும். பெயின்ட் சரியில்லை என்று மறுபடி அடித்தாலும் சில குளிர்காலங்களில் அதே இடத்தில் திரும்பி வந்துவிடும். காரணம் பெயின்ட்டில் இல்லை. சுவரில் அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்ணிய புகைத்துகள் குளிர்ந்த பரப்பில்தான் அதிகம் படியும்.

அங்கே எந்த இடம் குளிர்கிறது என்று தெரிய, சுவரைத் திறந்து பார்க்க வேண்டும். வட அமெரிக்க வீட்டுச் சுவர் நம்மூர்ச் செங்கல் சுவர் போல ஒரே பொருளால் ஆனதல்ல. முதலில் மரக்கால்களை வரிசையாக நட்டு ஒரு சட்டம் கட்டுகிறார்கள். இந்தக் கால்களுக்கு ‘ஸ்டட்’ என்று பெயர். கடையில் ‘டூ பை சிக்ஸ்’ என்று விற்கிறார்கள். அளந்தால் 2 அங்குலமும் இராது, 6 அங்குலமும் இராது, 38 மி.மீ. அகலம், 140 மி.மீ. ஆழம். 16 அங்குலத்துக்கு ஒன்றாக இவற்றை நிறுத்தி, இடைவெளியில் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிக்கிறார்கள். உட்பக்கம் ஜிப்சம் பலகை, வெளிப்பக்கம் மரச்சில்லுப் பலகை, அதன்மேல் வினைல் உறை. சுவர் முடிந்தது.

பஞ்சு வந்த உறையில் ‘ஆர்-20’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். ஆர் என்பது வெப்பத் தடையின் அளவு. எண் கூடக் கூட வெப்பம் வெளியேறுவது குறையும். இது அமெரிக்க அளவு. மெட்ரிக்குக்கு மாற்ற 5.678-ஆல் வகுக்க வேண்டும். ஆர்-20 என்பது 3.52 ஆகும். கட்டுரையில் இனி வருவதெல்லாம் மெட்ரிக் எண்களே. வீடு விற்பவர் ‘ஆர்-20 சுவர்’ என்று சொன்னால், சொன்னது பஞ்சைப் பற்றி. சுவரைப் பற்றி அல்ல.

சுவரின் உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும். மின்தடைகளைத் தொடரிணைப்பிலும் பக்க இணைப்பிலும் கோத்துக் கணக்குப் போட்டோமே, அதேதான். மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் வெப்பநிலை வேறுபாடு. மின்னோட்டத்தின் இடத்தில் வெப்ப ஓட்டம். தடை தடையாகவே இருக்கிறது.

வெப்பம் பஞ்சின் வழியாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒவ்வோர் அடுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். ஆகவே தடைகளை அப்படியே கூட்டலாம். அறைக்காற்று சுவரை ஒட்டி உண்டாக்கும் மெல்லிய படலத்துக்கு 0.12, ஜிப்சம் பலகைக்கு 0.08, மரச்சில்லுப் பலகைக்கு 0.11, வினைல் உறைக்கு 0.11, வெளிக்காற்றுப் படலத்துக்கு 0.03. மொத்தம் 0.45. பஞ்சின் 3.52-ஐச் சேர்த்தால் 3.97. இதுதான் பஞ்சுப் பாதையின் தடை.

ஸ்டட் நிற்கும் இடத்தில் பஞ்சு இல்லை. 140 மி.மீ. மரம்தான். மரம் உலோகம் போல வெப்பத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் பஞ்சோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு தாராளம். அதன் தடை 1.17. மற்ற அடுக்குகளின் 0.45 சேர்ந்தால் 1.62. இது மரப்பாதை.

இரண்டு பாதைகளும் அருகருகே இருக்கின்றன. வெப்பம் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 3.97-ஐயும் 1.62-ஐயும் பரப்புக்கு ஏற்பச் சராசரி எடுத்தால் போதும் என்று தோன்றும். அது தப்பு. ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தால், மண்டபம் எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்று அறிய, ஒவ்வொரு வாசலிலும் நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதைத்தான் கூட்டுவோம். வாசல் எவ்வளவு நெரிசலானது என்பதைக் கூட்ட மாட்டோம். அதுபோலப் பக்க இணைப்பில் கூட்ட வேண்டியது தடையை அல்ல, கடத்தலை. அதாவது ஒன்றைத் தடையால் வகுத்து வரும் எண்ணை.

கூட்டுவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி: சுவரில் மரம் எத்தனை பங்கு? 406 மி.மீ.க்கு ஒரு 38 மி.மீ. ஸ்டட் என்றால் 9 சதவீதம்தானே என்று மனக்கணக்கு சொல்லும். கட்டுமானத்தின்போது ஒரு சுவரின் எதிரே போய் நின்றால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். சட்டத்தின் அடியில் ஒரு படுக்கைக் கட்டை, உச்சியில் இரண்டு. 8 அடி உயரச் சுவரில் இந்த மூன்றே ஏறக்குறைய 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. ஜன்னலுக்கு மேலே தடித்த உத்திரம், கீழே ஒரு குறுக்குக் கட்டை, இரு பக்கமும் இரட்டைக் கால்கள். கதவுக்கும் அப்படியே. மூலைகளில் மூன்று நான்கு கட்டைகள் ஒட்டி நிற்கும். எல்லாம் சேர்ந்து கால் பங்கு மரம் என்றுதான் அமெரிக்க வெப்பப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வழக்கமான 16 அங்குல இடைவெளிச் சுவருக்கு எடுத்துக்கொள்கிறது.

இப்போது கணக்கு:

0.75 ÷ 3.97 + 0.25 ÷ 1.62 = 0.189 + 0.154 = 0.343

இது சுவரின் சராசரிக் கடத்தல். தலைகீழாக்கினால் தடை 2.91. உறையில் அச்சிட்ட பஞ்சே 3.52. மற்ற அடுக்குகளை எல்லாம் சேர்த்த பிறகும் சுவர் அதைவிடக் கீழேதான் இருக்கிறது. தவறான சராசரி போட்டிருந்தால் 3.38 வந்து நம்மை ஏமாற்றியிருக்கும்.

அந்த இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள். 0.189 பஞ்சின் வழியாக, 0.154 மரத்தின் வழியாக. சுவரில் கால் பங்கே உள்ள மரம், போகிற வெப்பத்தில் 45 சதவீதத்தைக் கொண்டுபோகிறது. வெளியே மைனஸ் 19, உள்ளே 21 டிகிரி என்ற ஓர் இரவில், பஞ்சுப் பகுதியில் சதுர மீட்டருக்கு 10 வாட் வெளியேறும்போது ஸ்டட் பகுதியில் 25 வாட் வெளியேறுகிறது. உட்சுவரின் பரப்பு பஞ்சுக்கு எதிரே 19.8 டிகிரி, ஸ்டட்டுக்கு எதிரே 18. தொட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. வெப்பக் கேமராவில் தெளிவாகத் தெரியும். புகைத்துகளுக்கும் தெரியும்.

கணக்கு இத்தோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் பொறியாளர்கள் விட மாட்டார்கள். மேலே செய்தது வெப்பம் நேராக ஓடும், பக்கவாட்டில் திரும்பாது என்ற அனுமானத்தில். உண்மையில் ஜிப்சம் பலகைக்குள் வெப்பம் கொஞ்சம் ஒதுங்கி, எளிய வழியான ஸ்டட்டைத் தேடிப் போகும். அதற்கு நேர் எதிரான அனுமானமும் உண்டு: ஒவ்வோர் அடுக்கின் முகப்பும் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும், வெப்பம் பக்கவாட்டில் தடையின்றிப் பரவும். அப்படிச் செய்தால் பஞ்சையும் மரத்தையும் மட்டும் பக்க இணைப்பில் சேர்த்துவிட்டு, மற்ற அடுக்குகளைத் தொடரிணைப்பில் கூட்ட வேண்டும். விடை 2.79. கனடாவின் தேசியக் கட்டட விதி பின்பற்றுவது இந்த முறையைத்தான். உண்மை 2.79-க்கும் 2.91-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. வேறுபாடு 4 சதவீதம். மரச்சுவரில் எந்த முறையைப் பிடித்தாலும் பெரிய பிழை வராது.

அதே நம்பிக்கையில் எஃகு ஸ்டட்டுக்குக் கணக்குப் போட்டால் கதை கந்தல். அலுவலகக் கட்டடங்களில் மரத்துக்குப் பதில் மடித்த எஃகுத் தகட்டைத்தான் நிறுத்துகிறார்கள். தகடு ஒரு மி.மீ. சுமாருக்கு மெல்லியது, பரப்பில் அதன் பங்கு அரை சதவீதம்கூடத் தேறாது. ஆனால் எஃகு மரத்தைப் போல நானூறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஜிப்சம் பலகையை ஒட்டி மடிந்திருக்கும் அதன் அகலமான விளிம்பு, சுற்றுவட்டாரத்து வெப்பத்தையெல்லாம் திரட்டி நடுத்தகட்டுக்குள் அனுப்பிவிடும். நேர்ப்பாதைக் கணக்குக்கு இந்தத் திரட்டல் கண்ணில் படாது. ஆகவே ஆஷ்ரே இதற்குத் தனித் திருத்த அட்டவணையே வைத்திருக்கிறது. அதன்படி 6 அங்குல எஃகு ஸ்டட்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் சுவரில் ஆர்-19 பஞ்சைத் திணித்தால், அது ஆர்-7.1-க்குத்தான் சமம். காசு கொடுத்து வாங்கிய பஞ்சில் பாதிக்கு மேல் வீண்.

மரச்சுவருக்கே திரும்புவோம். இதைச் சரிசெய்ய முதலில் தோன்றும் வழி, இன்னும் நல்ல பஞ்சு. ஆர்-20-ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆர்-24 வைக்கலாம். பஞ்சின் தடை 0.71 கூடும். சுவரின் தடையோ 2.91-லிருந்து 3.18-க்குத்தான் போகும், கிடைத்தது 0.27. மரப்பாதை பழையபடியே திறந்து கிடக்கிறதே. பஞ்சுக்குப் பதில் ஒரு துளி வெப்பமும் விடாத மாயப்பொருள் ஒன்றை அடைத்தாலும் இந்தச் சுவர் 6.48-ஐத் தாண்டாது.

இரண்டாவது வழி, ஸ்டட்டுகளை 24 அங்குலத்துக்கு ஒன்றாகத் தள்ளி வைப்பது. மரத்தின் பங்கு 22 சதவீதமாகும், தடை 3.01. மரச்செலவு குறைகிறது என்பதால் செய்யலாம், வெப்பத்துக்காக மட்டும் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் வேலைக்காகும் வழி. சட்டத்துக்கு வெளியே, ஸ்டட்டையும் பஞ்சையும் சேர்த்து மூடும்படி 25 மி.மீ. கெட்டி நுரைப் பலகையை இடைவெளியின்றி ஒட்டுவது. அதன் தடை 0.88. அது இரண்டு பாதைகளிலும் தொடரிணைப்பில் சேர்கிறது: பஞ்சுப் பாதை 4.85, மரப்பாதை 2.50. சுவரின் தடை 3.93. போட்டது 0.88, கிடைத்தது 1.02. பலவீனமான பாதை அதிகம் தேறியதால் வந்த லாபம் இது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடுங்குளிர்ப் பகுதிகளில் நுரைப்பலகை மெல்லியதாக இருந்தால், அதற்கு உள்ளே இருக்கும் மரச்சில்லுப் பலகை குளிர்ந்தே கிடக்கும். வீட்டுக்குள்ளிருந்து கசியும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகும், நுரை அந்த ஈரத்தை வெளியே விடாது, பலகை உளுத்துப்போகும். பலகை வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு நுரை தடிமனாக வேண்டும். எவ்வளவு என்பதை ஊரின் குளிருக்கு ஏற்பக் கட்டட விதிகள் சொல்கின்றன.

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீட்டின் வெளியுறையை மாற்றப்போகிறவர்கள், அந்த ஒரு தருணத்தில் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும்: ஸ்டட்டுகளையும் சேர்த்து இந்தச் சுவரின் நிகரத் தடை எவ்வளவு? உறைக்கு அடியில் எத்தனை மி.மீ. நுரை வைக்கப் போகிறீர்கள்? உறை ஏறியபின் இந்த வேலையைச் செய்ய, புது உறையை மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.