முதல் மின்னஞ்சலில் 'தூ'வா, 'வூ'வா?

பிரெஞ்சு மொழியில் எதிரில் இருப்பவரைச் சுட்ட 'தூ', 'வூ' என இரண்டு சொற்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் நம் நீ, நீங்கள் போலத்தான். ஆனால் தமிழில் மூத்தவர் நீ என்பதும், இளையவர் நீங்கள் என்பதும் இயல்பு. இன்றைய பிரெஞ்சு அலுவலகத்தில் இந்த ஒருவழிப் பழக்கம் பலருக்கு உறுத்தும். இருவரும் ஒரே சொல்லைப் புழங்குவதுதான் முறை. ஆகவே முதல் மடலில் எந்தச் சொல்லை எழுதுகிறாரோ, அதையே பதிலிலும் எதிர்பார்க்கிறார் என்றாகிறது.

முன்பின் அறியாத சக ஊழியருக்கு 'வூ'வே பாதுகாப்பானது. அதிலிருந்து 'தூ'வுக்கு வருவது எளிது. 'தூ' என்று தொடங்கிவிட்டு 'வூ'வுக்குத் திரும்பினாலோ, ஏதோ மனத்தாங்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் 'தூ' சொல்லிக்கொள்வார்கள். இளைஞர்கள் நிறைந்த மென்பொருள் நிறுவனங்களிலும் முதல் நாளே 'தூ'தான். அங்கே 'வூ' விறைப்பாகத் தெரியும். எந்த வழக்கம் என்பதை அலுவலகத்தில் ஏற்கெனவே சுற்றும் மடல்கள் காட்டிக்கொடுக்கும். ஆனால் குழு முழுமைக்கும் போன மடலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பலரைச் சுட்ட எப்போதும் 'வூ'தான் என்பதால் அதில் ஒன்றும் தெரியாது. ஒருவர் ஒருவருக்கு மட்டும் எழுதிய மடலே சான்று.

லியோன் நகர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், கொள்முதல் பிரிவில் இருக்கும் கிளேரிடம் மார்ச் மாத விலைப்பட்டியல்களைக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'போன்ஜூர் கிளேர்' என்று முதற்பெயரோடு தொடங்கி, உள்ளே 'வூ' எழுதி, 'கோர்தியால்மான்' என்று முடிக்கலாம். முதற்பெயர் நெருக்கத்தையும் 'வூ' மரியாதையையும் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வருவதில் முரண் ஏதும் இல்லை. 'சல்யூ' என்று தொடங்கினால் மட்டும் 'வூ' ஒட்டாது, ஏனென்றால் அது 'தூ' சொல்லிக்கொள்பவர்களின் வணக்கம்.

கிளேர் கேட்காமலேயே 'தூ' என்று பதில் எழுதினால், அடுத்த மடலில் 'தூ'வுக்கு மாறிவிட வேண்டும். அதன் பிறகும் 'வூ' எழுதினால், நீட்டிய கையைத் தட்டிவிட்டதாகும். வழுக்குவது இந்த மாற்றத்தில்தான். வினைச்சொற்களை மாற்றியவர், 'தயவுசெய்து' என்பதற்கான 'சில் வூ ப்ளே'யைப் பழக்கதோஷத்தில் அப்படியே விட்டுவிடுவார். அதற்குள்ளும் ஒரு 'வூ' இருக்கிறது. அதை 'சில் தெ ப்ளே' ஆக்க வேண்டும். 'உங்கள்' என்னும் 'வோத்ர'வும் இப்படியே ஒளிந்துகொள்ளும்.

கிளேரின் பதிலில் இரண்டு சொல்லுமே இல்லாமல், 'கோப்பு இணைப்பில் உள்ளது' என்று மட்டும் இருக்கவும் கூடும். எதையும் தேர்ந்தெடுக்க விரும்பாதவர்கள் அப்படி நழுவுவதுண்டு. அப்போது புதியவர் 'வூ'விலேயே நிற்கலாம்; 'தூ' சொல்லிக்கொள்வோமா என்று கேட்பது வழக்கமாக வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான்.