'கஜினி' சூர்யாவுக்கு வந்தது 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' இல்லை! ஹிப்போகாம்பஸ் பழுதானால் எது போகும், எது மிஞ்சும்?

2005-ல் வந்த 'கஜினி' படத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் யார் எதை மறந்தாலும் 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. சூர்யாவுக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஞாபகம் நிற்கும், அதற்குப் பிறகு எல்லாம் அழிந்துவிடும். உடம்பு முழுக்கப் பச்சை, கையில் போட்டோக்கள். படம் நமக்குப் பிடித்ததுதான், ஆனால் அந்தப் பெயர் தப்பு. அந்த மாதிரி நோயாளிகளிடம் கெடாமல் இருப்பதே ஷார்ட் டேர்ம் மெமரிதான்.

போனில் வரும் ஓடிபியை நினைத்துப் பாருங்கள். ஆறு இலக்கத்தைப் பார்க்கிறோம், மனதில் பிடித்துக்கொண்டு டைப் செய்கிறோம், அடுத்த நிமிஷம் போய்விடுகிறது. இதுதான் குறுகிய கால நினைவு. ஆனால் நேற்று எங்கே போனோம், யாரிடம் பேசினோம் என்பது நாளைக்கும் இருக்க வேண்டும் என்றால், அது நீண்ட கால நினைவாக மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் இடம் ஹிப்போகாம்பஸ். இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடலில், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நீளம் சில சென்டிமீட்டர்தான். கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர்.

இது எப்படித் தெரிய வந்தது? ஒரு ஆபரேஷனால்.

27 வயதில் நின்றுபோன ஹென்றி

அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மருந்துக்கு அடங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை. 1953-ல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய திசுக்களையும் எடுத்துவிட்டார். வலிப்பு நன்றாகக் குறைந்தது. புத்திக்கூர்மை குறையவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் புதிதாக எதுவும் மனதில் பதியவில்லை. இப்போதுதான் சாப்பிட்டோம் என்பது தெரியாது. மாண்ட்ரியலிலிருந்து வந்து வருஷக்கணக்கில் அவரைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரை ஒவ்வொரு தடவையும் புது ஆளாகத்தான் பார்த்தார். ஸ்கோவிலும் மில்னரும் 1957-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். 2008-ல் ஹென்றி இறக்கும் வரை 'ஹெச்.எம்.' என்ற எழுத்துகள்தான் உலகுக்குத் தெரியும்.

ஒருநாள் மில்னர் அவரிடம் 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து கேட்டால், ஹென்றி சரியாகச் சொன்னார்! எப்படி என்றால், 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17, எட்டைக் கழித்தால் 9, ஒன்பதைப் பிரித்தால் 5, 4 என்று விடாமல் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எண்ணைக் கேட்டால் தெரியவில்லை, எண் கொடுத்ததே நினைவில்லை.

கவனித்தீர்களா? இங்கேயும் பதினைந்து நிமிஷம்தான். ஆனால் மூளைக்குள்ளே அலாரம் வைத்த மாதிரி ஒரு கெடு எதுவும் கிடையாது. கவனம் அங்கேயே இருக்கும் வரை விஷயமும் இருக்கும். கவனம் கலைந்தால் போச்சு. திரைக்கதைக்குக் கடிகாரம் வசதி, நிஜத்தில் கதவைத் தட்டும் ஒரு சத்தம் போதும்.

வில்லியனூர் தேர் எங்கே பதிகிறது?

மூலக்குளத்திலிருந்து ஒருவர் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேரின் உருவம் மூளையின் பார்வைப் பகுதியில், மேளச் சத்தம் கேட்கும் பகுதியில், கற்பூர வாசனை வேறொரு இடத்தில், பக்கத்தில் நின்ற சித்தி மகனின் முகம் இன்னொரு இடத்தில். எல்லாம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ஹிப்போகாம்பஸ் இவற்றை ஒரே முடிச்சாகக் கட்டுகிறது. அடுத்த வாரம் எங்கேயோ கற்பூரம் மணத்தால் போதும், அந்த முடிச்சு வழியாக மற்ற எல்லாமும் எழுந்து வரும். சேர்ந்து வேலை செய்த நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்பு பலப்படுவதுதான் இந்த முடிச்சு. அப்படிப் பலப்படுவதை முயலின் ஹிப்போகாம்பஸில் அளந்து 1973-ல் வெளியிட்டவர்கள் டிம் பிளிஸ், தெரியே லோமோ.

முடிச்சு விழாதவர் தேரைப் பார்க்கும்போது நம்மைப் போலத்தான் ரசிப்பார், பேசுவார். வீட்டுக்கு வந்ததும் போனதே தெரியாது.

ஆனால் கை பழகும். மில்னர் ஹென்றியிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக இழுக்கும். மூன்று நாள் பயிற்சியில் ஹென்றியின் தப்புகள் நன்றாகக் குறைந்தன. மூன்றாவது நாளும் இதைச் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். சைக்கிள் ஓட்டுவது, தையல் மிஷின் மிதிப்பது போன்ற பழக்கங்களுக்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை என்று இதிலிருந்துதான் புரிந்தது.

பழைய ஞாபகங்கள்? ஆபரேஷனுக்கு முந்தைய சில வருஷங்கள் ஹென்றிக்கு மங்கிவிட்டன, பால்ய காலம் நிறையவே இருந்தது. பழசானவை மெல்ல மெல்ல மூளையின் மேலடுக்குக்கு மாறிவிடுகின்றன என்பது ஒரு தரப்பின் விளக்கம். ஆனால் அவர் சொன்ன பழைய கதைகளில் பொதுத் தகவல்தான் இருந்தது, ஒரு குறிப்பிட்ட நாளின் காட்சி அபூர்வம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. வாதம் இன்னும் முடியவில்லை.

ஆபரேஷன் இல்லாமலும் போகும்

ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற ஒரு பட்டை உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் மூளையில் முதலில் சாகும் செல்களில் இவையும் சேர்த்தி. 'ஆர்.பி.' என்று குறிப்பிடப்படும் ஒரு நோயாளிக்கு 1978-ல் மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்தது. அதற்குப் பிறகு புது ஞாபகம் பதிவது மோசமாகக் குறைந்தது. ஐந்து வருஷம் கழித்து அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்தார்கள். நினைவோடு தொடர்புள்ள பகுதிகளில் பெரிதாக அழிந்திருந்தது இரண்டு பக்கமும் அந்தப் பட்டை மட்டும்தான். இதயம் நின்று மீண்டவர்கள் சிலருக்கு மறதி வருவது இதனால். ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கினாலும் இதே இடம்தான் அடிவாங்கும். காய்ச்சல், தலைவலியோடு திடீர்க் குழப்பமோ வலிப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏசிக்ளோவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும்.

நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது அல்சைமர். அது பெரும்பாலும் ஹிப்போகாம்பஸிலும் அதன் வாசல் போன்ற பகுதியிலும்தான் தொடங்குகிறது. இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. "தாத்தாவுக்கு அந்தக் காலத்துக் கதையெல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கு, அவருக்கு என்ன மறதி?" என்கிறோம். பழையது நிற்பதும் காலையில் சாப்பிட்ட இட்லி மறப்பதும் சேர்ந்து வருவதுதான் ஆரம்ப அடையாளமே. டாக்டர்கள் மூன்று சொற்களைச் சொல்லி உடனே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிறகு வேறு கணக்கு கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிட்டு, சில நிமிஷம் கழித்து மறுபடி கேட்பார்கள். உடனே சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு ஒன்றுகூட வராவிட்டால், மேலும் பார்க்க வேண்டும். சாதாரண மறதியில் ஒரு சின்ன குறிப்பு கொடுத்தால் 'ஆமாம்ல' என்று வந்துவிடும். ஹிப்போகாம்பஸ் கோளாறில் குறிப்பு பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் பதிவே ஆகவில்லை. இந்தச் சோதனையை வைத்து மட்டும் வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. தைராய்டு, பி12 குறைபாடு, மன அழுத்தம் எல்லாமே மறதியைத் தரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஹென்றிக்கு நடந்ததைப் பார்த்தபின் ஸ்கோவிலே மற்ற டாக்டர்களை எச்சரித்தார். வலிப்புக்கு இந்த இடத்தில் ஆபரேஷன் இப்போதும் நடக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிலையத்தில் 1995-லிருந்தே நடக்கிறது. எடுப்பது ஒரு பக்கம் மட்டும், அதுவும் எதிர்ப்பக்க ஹிப்போகாம்பஸ் தனியாக வேலை பார்க்குமா என்று எம்ஆர்ஐயும் நினைவாற்றல் சோதனைகளும் வைத்துப் பார்த்த பிறகு. அப்படியும் இடது பக்கத்தை எடுத்தால் பெயர்களும் சொற்களும் நினைவில் நிற்பது சிலருக்குக் குறையும். அதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுகிறார்கள்.