மிக்ஸி ஜாரில் தெரியும் கேமராக்காரர்

கடை பேனரில் பளபளவென்று நிற்கும் மிக்ஸியைப் பார்த்ததும், நல்ல லைட்டாகப் போட்டு எடுத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் பளபளப்பான ஸ்டீல் ஜார் வளைந்த கண்ணாடி மாதிரி. நேராக லைட் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். கேமரா, அதைப் பிடித்திருப்பவர், கூரை மின்விசிறி எல்லாமே ஒல்லியான கோடுகளாக ஜாரில் வந்து நிற்கும்.

அதனால் ஜாரை விட்டுவிட்டு, ஜார் எதைப் பார்க்கிறதோ அதற்கு வெளிச்சம் தருவார்கள். இரண்டு பக்கமும் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் துணியோ ஜாரைவிட உயரமாகத் தொங்கும். லைட் அதற்குப் பின்னால் இருக்கும். லைட்டைத் துணியின் ஓர் ஓரமாக நகர்த்தினால் வெளிச்சம் மெல்ல மங்கிக்கொண்டே போகும். ஸ்டீலின் மினுமினுப்பு அந்த மங்கலில்தான் இருக்கிறது. முழுக்க வெள்ளையாக விட்டால் ஜார் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். மேல்பக்கம் அகன்ற ஜார் என்றால் அதன் சுவர் சற்றே கீழே பார்க்கும், மேடையின் நிறமும் அதில் ஏறும். சிவப்பு மேடையில் வைத்தால் ஜாரின் அடியும் சிவக்கும்.

கறை தனித் தலைவலி. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு நேராகப் பார்த்தால் தெரியாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதன் பிறகு பருத்திக் கையுறையோடுதான் தொடுவார்கள். அச்சிட்ட கம்பெனிப் பெயர் மேல் அந்தத் திரவம் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னால் இட்லிப் பானை ஆவி, தாளிப்பு, ஆள் நடமாட்டம் என்று சமையலறை பரபரப்பாக இருக்க வேண்டும் என்பார் கடைக்காரர். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுப்பதே வழி. துணி மறைப்போடு மிக்ஸிக்கு ஒன்று. மறைப்பை எடுத்துவிட்டு, பின்னணி மங்கலாகும்படி லென்ஸ் துளையை அகலத் திறந்து சமையலறைக்கு ஒன்று. பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்ப்பார்கள்.

வேறெங்கோ எடுத்த சமையலறையை ஒட்டினால் ஜாரின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஜாரின் நடுப்பகுதி கேமரா பக்கத்தைப் பார்த்தாலும், இரு ஓரங்களும் பின்னால் இருப்பதையே பிரதிபலிக்கும். பின்னணியில் மஞ்சள் சுவரும் அடுப்புத் தீயும் இருக்க, ஓரத்தில் மட்டும் ஸ்டூடியோவின் சாம்பல் நிறம் தெரிந்தால் அது ஒட்டுவேலைதான். சன்னல் வெளிச்சம் இடதுபக்கமிருந்து வந்து ஜாரின் மினுப்பு வலதுபக்கம் இருந்தாலும் அப்படியே.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வாடிக்கையாளருக்கு அரைத்துக் காட்டும் டெமோ மிக்ஸியைப் படமெடுக்கக் கொடுக்காதீர்கள். பிசுக்கைத் துடைத்துவிடலாம், நார் போட்டுத் தேய்த்த கீறலைத் துடைக்க முடியாது. பெட்டி பிரிக்காத புது மிக்ஸியைக் கொடுங்கள்.